ஸ்டாஃபுக்குத் தனி வைஃபை

மணிகண்டராஜின் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் எல்லாமே இரண்டிரண்டு. வாசல் இரண்டு, கக்கூஸ் இரண்டு, தண்ணீர் கேன் இரண்டு, டீ வருவதுகூட எவர்சில்வர் தம்ளரில் ஒரு வரிசை, பேப்பர் கப்பில் ஒரு வரிசை. ஆடி பிறந்து எட்டாம் நாள் வைஃபையும் இரண்டானது.

அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் முதலாளியின் மச்சினர் ஜெயச்சந்திரன். காலண்டர் ஆபீஸ், தீப்பெட்டி ஏஜென்சி, திருத்தங்கல் ரோட்டில் ஒரு ஐஸ்கிரீம் கடை என்று மூன்றை வரிசையாகப் படுக்கப்போட்டுவிட்டு, நாலாவதாக அக்கா புருஷன் கம்பெனிக்கு வந்து சேர்ந்தவர். விசிட்டிங் கார்டில் 'தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி' என்று தங்க எழுத்தில் புடைத்திருக்கும். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடும் இடத்தில் தன்னை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சிவகாசியில் அச்சடிக்கும் செலவு குறைவு என்பதால் இப்படிப்பட்ட அதிகாரிகள் அங்கே நிறைய உண்டு.

ஆடிப்பெருக்கன்று டீலர் மீட். பாட்னா, நாக்பூர், இந்தூர் என்று முப்பது பேர் வருகிறார்கள். மாடியில் புதிதாக ஹால் கட்டி, ஆள் உயரத்துக்குப் படுக்கைவசத்தில் ஒரு டிவி மாட்டியாயிற்று. கீழே முதலாளி அறையில் இருக்கும் ரூட்டரின் சிக்னல் மாடிக்கு எட்டவில்லை. அதற்காக ஜெயச்சந்திரன் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி ஹாலில் சொருகினார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ரூட்டர் செட்டிங்ஸைத் தடவிக்கொண்டிருந்தபோது 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒரே பெட்டியில் இரண்டு வைஃபை. ஒன்று வீட்டு மனுஷருக்கு, ஒன்று வேற்று ஆளுக்கு. தன் குடும்பத்து மனசை நன்றாகத் தெரிந்த எவனோதான் இதைச் செய்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

பழைய வைஃபைக்கு 'எம்.ஆர். ஃபேமிலி' என்று பெயர் வைத்தார். கெஸ்ட்டுக்கு 'எம்.ஆர். ஸ்டாஃப்'. முதலாளி போன், முதலாளியம்மா போன், தன்னுடைய லேப்டாப் எல்லாம் ஃபேமிலியில். ஆபீஸில் இருந்த மூன்று கம்ப்யூட்டரும் ஸ்டாஃபில். பிரிண்டர் வேலை செய்கிற சாமான், ஆகவே அதுவும் ஸ்டாஃபில். ஹாலில் உள்ள டிவியைப் பார்க்கப்போவது வெளியாட்கள், ஆகவே அதுவும் ஸ்டாஃபில். ஃபேமிலியின் பாஸ்வேர்டைத் தானும் அத்தானும் தவிர மூன்றாவது ஆளுக்குச் சொல்வதில்லை என்று சத்தியம் செய்யாத குறையாக முடிவெடுத்தார். டிவியில் இன்டர்நெட்டிலிருந்து ஒரு பக்திப் பாட்டை ஓடவிட்டுப் பார்த்தார். ஜோராக ஓடியது. முதலாளி அவர் தோளில் தட்டினார்.

மறுநாள் காலையிலிருந்து பிரிண்டர் பேசவில்லை.

பில் போடும் மேஜையில் உட்கார்ந்திருப்பவள் இசைவாணி. ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், பி.சி.ஏ. படித்தவள். ஆறு வருஷத்துக்கு முன் வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கும் கம்பெனி யூனிட்டில் மருந்து கலக்கும் ரூம் வெடித்ததில் அவள் அப்பா முத்துப்பாண்டி போய்விட்டார். 'அந்தப் பிள்ளையைப் படிச்சு முடிக்கச் சொல்லு, ஆபீஸ்ல ஒரு சேர் போடுறேன்' என்று முதலாளி இழவு வீட்டிலேயே சொன்னார். சொன்னபடி போட்டார். அந்தச் சேரைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசாத கல்யாண வீடு இல்லை, கோயில் கொடை இல்லை. அவள் அம்மா முருகம்மாள் இன்னும் அதே யூனிட்டில் பெட்டி போடும் ஷெட்டில் இருக்கிறாள். மகள் வெடிமருந்து வாடை இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஒன்றுதான் அவள் ராத்திரி தூங்குவதற்கு இருக்கும் காரணம்.

லாரி வாசலில் நிற்கிறது. பில்லும் வழிச்சீட்டும் பேப்பரில் வராமல் லோடு நகராது. இசைவாணி நாலு தடவை பிரிண்ட் கொடுத்தாள். கம்ப்யூட்டர் பிரிண்டரைக் காணவில்லை என்றது. பிரிண்டரோ நாலடி தள்ளி, பச்சை விளக்கு எரிய, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெயச்சந்திரன் வந்தார். வைஃபை சிக்னலைப் பார்த்தார், கோடு முழுதாக இருந்தது. இன்டர்நெட்டைத் தட்டிப் பார்த்தார், வந்தது.

"நெட்வொர்க் பக்கா. பிரிண்டர்ல கைவச்சது யாரு?"

முந்தின வாரம் டோனர் மாற்றியது இசைவாணி. அதை அவள் மறைக்கவில்லை. விசாரணை அத்தோடு முடிந்தது. படிச்ச பிள்ள படிச்ச பிள்ளன்னு தலையில தூக்கி வச்சா இப்படித்தான் என்று அவர் முதலாளி அறைக்குள் போய்ச் சொன்னது, கதவு மூடியிருந்தும் வெளியே கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

மணிகண்டராஜ் சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுத்தான் கழுத்தில் கைவைப்பார்.

"ஆடிப்பெருக்கு அன்னிக்கு டீலருக அம்புட்டுப் பேருக்கும் ஆர்டர் பாரம் சுடச்சுட அடிச்சுக் குடுக்கணும். அதுக்குள்ள பிரிண்டரச் சரியாக்கு. முடியலையா, கூச்சப்படாத. யூனிட்ல ஒங்கம்மா பக்கத்துல ஒரு எடம் இருக்கு. அங்க பிரிண்டரும் கிடையாது, ஒரு தொல்லையும் கிடையாது."

அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

பத்து நாளில் மிச்சம் ஒன்பது. முதலில் அவள் பிரிண்டரின் மூடியைத் திறந்து ஒரு பில்லை வைத்து ஜெராக்ஸ் எடுத்தாள். பளிச்சென்று வந்தது. டோனர் குற்றவாளி இல்லை. ஒயரை எடுத்துக் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் நேராக இணைத்தாள். பில் வந்தது. அன்றைய லாரி கிளம்பியது. ஆனால் மூன்று மேஜைக்கும் ஒரே ஒயர். ஒவ்வொருவரும் பென் டிரைவில் பில்லை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை மாதிரி அவள் மேஜை முன்னால் நிற்க வேண்டியதாயிற்று. ஒயரைப் பார்த்த ஜெயச்சந்திரன், ஒயர் போட்டால்தான் ஓடுது என்றால் பிரிண்டருக்கு வைஃபை செத்துப்போச்சு என்றுதானே அர்த்தம் என்று புதிதாக ஒரு குற்றம் எழுதினார்.

அதையும் பார்த்துவிடுவோம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பிரிண்டரையும் தன் கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்தாள். வைஃபை வழியாகவே பில் வந்தது. இரண்டையும் மறுபடி 'எம்.ஆர். ஸ்டாஃப்'பில் விட்டாள். நின்றுபோனது. பிரிண்டரிடமே அதன் நிலவரத்தை அச்சடிக்கச் சொன்னாள். ஸ்டாஃபில்தான் இருக்கிறேன், என் முகவரி இது என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தது. அந்த முகவரிக்குத் தன் கம்ப்யூட்டரிலிருந்து குரல் கொடுத்தாள். பதில் இல்லை. பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டருக்குக் குரல் கொடுத்தாள். அதுவும் பதில் சொல்லவில்லை. அமெரிக்காவில் எங்கோ இருக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தாள். உடனே வந்தது பதில்.

அப்போது அவளுக்குப் பிடிபட்டது. ஸ்டாஃப் என்று போர்டு மாட்டியிருப்பது கெஸ்ட் நெட்வொர்க். லாட்ஜில் தங்க வருகிறவர்களுக்குப் போடுகிற ஏற்பாடு அது. ஒவ்வொரு அறைக்காரனும் வெளியே ரோட்டுக்குப் போகலாம், பக்கத்து அறைக் கதவைத் தட்ட முடியாது. ஒருவன் போனை இன்னொருவன் துழாவக் கூடாதென்று ரூட்டரே நடுவில் நின்று மறிக்கும். 'ஐசொலேஷன்' என்று அதற்குப் பெயர். அந்நிய ஆளுக்கு அது நல்லது. ஒரே ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அதில் அடைத்தால், இரண்டும் ஒரே சுவருக்குள் இருந்துகொண்டு ஒன்றை ஒன்று பார்க்காமலே காலத்தைக் கழிக்க வேண்டியதுதான்.

சரிசெய்ய ஐந்து நிமிஷம் போதும். ஆனால் ரூட்டருக்குள் நுழையும் சாவி ஜெயச்சந்திரனிடம் இருந்தது.

அவள் அவரிடம் போய்ப் பதமாகத்தான் சொன்னாள். இரண்டு வழி இருக்கிறது. பிரிண்டரையும் மூன்று கம்ப்யூட்டரையும் ஃபேமிலிக்கு மாற்றிவிடலாம். அது வேண்டாமென்றால், ரூட்டரில் ஸ்டாஃபுக்கு எதிரே ஐசொலேஷன் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டால் ஸ்டாஃபுக்குள்ளேயே ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளும். மாடி டிவிக்கும் இதே தகராறு வரும், மொதலாளி போன் ஒரு பக்கம் டிவி ஒரு பக்கம் இருக்கிறது, அதையும் இப்போதே பார்த்துவிடுவது நல்லது என்றாள்.

அவர் முதல் வழியில் பாதிதான் கேட்டார்.

"ஃபேமிலி பாஸ்வேர்ட ஒங்க கையில குடுக்கணுமா? நாளைக்கி எங்க வீட்டுக் கல்யாண போட்டோவெல்லாம் ஏழாயிரம்பண்ணை பஸ்ல ஓடும்."

"இல்ல சார், ரெண்டாவது வழிக்கு பாஸ்வேர்டே வேண்டாம். அந்த டிக்க மட்டும்..."

"அது செக்யூரிட்டி. அதெல்லாம் எடுக்கப்படாது. நீ எனக்கு நெட்வொர்க் படிச்சுக் குடுக்கியா?"

டிவி பேச்சை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பக்திப் பாட்டு ஓடிய டிவி அது.

அன்று சாயங்காலம் முருகம்மாளிடம் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. யூனிட்டுக்குச் செய்தி போக வைஃபை வேண்டியதில்லை. மகள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"ஏத்தா, கால்ல விழுந்தாவது அந்தச் சேர்லயே இருந்துக்கயேன்."

"யாரு கால்லம்மா விழ? அந்த மனுசனுக்கு எது கோளாறுன்னே தெரியல."

"தெரியாதவுக கால்லதான் விழணும். தெரிஞ்சவுகளுக்கு எதுக்கு?"

ஆடிப்பெருக்கும் வந்தது. ஹாலில் மல்லிகைத் தோரணம், பன்னீர்த் தெளிப்பு, முப்பது டீலர்களுக்கும் சந்தன மாலை. மணிகண்டராஜ் பட்டு வேஷ்டியில் மேடை ஏறினார். இந்தியில் நாலு வரி மனப்பாடம் செய்திருந்தார். அது தீர்ந்ததும் தமிழில் இறங்கினார். கம்பெனி என்பது குடும்பம், இங்கே முதலாளி தொழிலாளி வித்தியாசம் கிடையாது என்றார். பின்வரிசையில் போண்டாத் தட்டோடு நின்ற இசைவாணியைக் கைகாட்டி, தகப்பன் இல்லாத இந்தப் பிள்ளையை என் பிள்ளையாக வைத்திருக்கிறேன் என்றார். முப்பது தலையும் திரும்பி, தகப்பன் இல்லாத பிள்ளையைப் பார்த்துக் கைதட்டியது. அவள் தட்டைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

"நம்ம புது வெரைட்டி அம்புட்டையும் இப்ப இந்த போன்லருந்து அந்த டிவிக்கு அனுப்பப் போறேன். ஒயர் கிடையாது. எல்லாம் காத்துலயே போகும்."

போனை உயர்த்தி விரலால் தொட்டார். போன் சுற்றியிருக்கும் டிவிகளைத் தேடியது. தேடிக்கொண்டே இருந்தது. ஒன்றும் இல்லை என்று கடைசியில் சொல்லிவிட்டது. ஜெயச்சந்திரன் ஓடி வந்து, டிவியை அணைத்துப் போட்டார். போனை அணைத்துப் போட்டார். எக்ஸ்டெண்டரைப் பிடுங்கிச் சொருகினார். இந்தூர்க்காரர் ஒருவர் நான் முயற்சி செய்கிறேன் என்று ஸ்டாஃபில் சேர்ந்து பார்த்தார். அவர் போனும் டிவியும் ஒரே ஸ்டாஃபில் இருந்தும் அவருக்கும் டிவி தென்படவில்லை. சிக்னல் கோடுகளோ எல்லாப் போனிலும் முழுசாக நின்றன. பாட்னாக்காரர் கொட்டாவி விட்டார்.

முதலாளியின் கண் ஹாலைச் சுற்றிவிட்டு இசைவாணியிடம் வந்து நின்றது. அவள் மேடைக்குப் போனாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"டிவி ஸ்டாஃப் வைஃபையில இருக்கு, மொதலாளி. உங்க போன் ஃபேமிலியில இருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காது. ரூட்டர்ல சாரு ஒரு டிக்க எடுத்துட்டு, நீங்க ஸ்டாஃபுக்கு மாறிக்கிட்டீகன்னா இப்பவே வந்துரும்."

"நான் ஸ்டாஃப்ல சேரணுமா?"

மைக் அணைக்கப்படவில்லை. தமிழ் தெரியாத டீலர்களுக்குக்கூட அந்தக் குரலின் அர்த்தம் தெரிந்தது.

"அப்ப டிவிய ஃபேமிலிக்குக் கொண்டுவரணும். பாஸ்வேர்டப் போட்டா போதும்."

முதலாளி தொழிலாளி வித்தியாசம் இல்லாத கம்பெனியின் முதலாளி கணக்குப் போட்டார். தானே ஸ்டாஃபுக்கு இறங்குவதைவிட டிவியைத் தன் குடும்பத்துக்கு உயர்த்துவது மேல் என்று முடிவுசெய்தார். இசைவாணி டிவியின் செட்டிங்ஸில் போய் 'எம்.ஆர். ஃபேமிலி'யைத் தேர்ந்து, ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, யாரும் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ரிமோட்டைத் துண்டால் மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். ரிமோட்டைத்தான் மூட முடிந்தது. எதிரே ஆள் உயர டிவியில், மூன்றாம் வரிசை வரைக்கும் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவில், ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்வேர்டு ஏறியது. இங்கிலீஷ் எழுத்தில் சக்கரவர்த்தி, பக்கத்தில் ஒன்று என்ற நம்பர்.

நாக்பூர்க்காரர்தான் முதலில் சிரித்தார். சக்கரவர்த்தி என்ற சொல் வடக்கேயும் புழக்கத்தில் உள்ளது. 'மகாராஜ்கீ ஜெய்' என்று ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். முதலாளி நிமிர்ந்து டிவியைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார்.

போனில் தொட்டார். டிவி உடனே வந்தது. புஸ்வாணமும் ராக்கெட்டும் வர்ணம் வர்ணமாக வெடித்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டுக்கு டீலர்கள் இறங்கிய இடைவெளியில் கீழே பிரிண்டர் வேலை நடந்தது. முதலாளி பக்கத்திலேயே நின்றதால் ஜெயச்சந்திரன் ரூட்டரின் பக்கத்தைத் திறந்து போனை நீட்டினார். இசைவாணி தொடவில்லை. கெஸ்ட் என்று இருக்கும் இடம், அதற்குள் ஐசொலேஷன், எதிரே உள்ள டிக் என்று விரலால் காட்டினாள். அவரே எடுத்து, சேவ் கொடுத்தார். வைஃபை ஒரு தடவை விழுந்து எழுந்தது. அரை நிமிஷம். பிரிண்டர் தொண்டையைக் கனைத்தது. பத்து நாளாக மூன்று கம்ப்யூட்டரிலும் கொடுத்துக் கொடுத்துச் சலித்த பில் எல்லாம் வரிசையில் காத்திருந்திருக்கின்றன. ஒரே லோடுக்குப் பதினொரு பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தரையில் விழுந்தன.

அவளுக்கு மூச்சு வந்தது. டோனர் மாற்றியவள் மேல் குற்றமில்லை என்று பிரிண்டரே சாட்சி சொல்லியாயிற்று. ஆர்டர் பாரம் முப்பதும் சுடச்சுட வந்தன.

மறுநாள் மணிகண்டராஜ் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார்.

அவள் கெட்டிக்காரி என்பதைத் தாம் நேற்றே புரிந்துகொண்டதாகச் சொன்னார். யூனிட்டில் கணக்கு வழக்குத் தெரிந்த கெட்டிக்காரிகளுக்குப் பஞ்சமாக இருக்கிறது என்றார்.

"பிரிண்டர் சரியாயிருச்சே மொதலாளி. சரியாக்கலன்னாத்தான போகச் சொன்னீக?"

"சரியாக்குன. முப்பது பேருக்கு முன்னால ஆக்குன." அவர் பேனா மூடியைத் திருகினார். "திங்கக்கிழமையிலருந்து யூனிட் வேன்ல ஏறிக்கோ. ஒங்கம்மாவுக்கும் தொணையாச்சு."

டீலர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப்போட்ட ஒரு ஷீல்டு அந்த வாரமே வந்தது. நவீனத் தொழில்நுட்பச் சேவைக்காக, ஜெயச்சந்திரன் அவர்களுக்கு. அச்சடித்தது அவருடைய பழைய காலண்டர் ஆபீஸ் கூட்டாளி.

திங்கட்கிழமை வேனில் முருகம்மாள் மகளுக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தாள். கண்மாய் தாண்டும்போது, கலக்கும் ரூம் பக்கம் எதுக்கும் போகாதே என்றாள். யூனிட் கேட்டில் வாட்ச்மேன் சுடலை, வெடிமருந்துப் பக்கம் போன் ஆகாதென்று, எல்லோர் போனையும் வாங்கித் தன் பெட்டியில் போட்டார். கணக்கு வழக்குத் தெரிந்த கெட்டிக்காரிக்குக் கிடைத்தது அட்டைப் பெட்டியும் பசைக் கிண்ணமும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கேட்டில் போனை வாங்கினாள். ஜெயச்சந்திரனிடமிருந்து ஒன்பது அழைப்பு. முருகம்மாள் எட்டிப் பார்த்தாள். மகளைக் கையைப் பிடித்து வேனிலிருந்து தள்ளி நிறுத்தி, கூப்பிடு, கூப்பிடு என்றாள். சேர் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது போல அவள் முகம்.

இசைவாணி கூப்பிட்டாள். அவர் நலம் விசாரிக்கவில்லை. முப்பது பேருக்குத் தெரிந்துபோன பாஸ்வேர்டை மாற்றப் போய் ரூட்டரையே முழுசாக ரீசெட் அடித்துவிட்டார். ஃபேமிலி, ஸ்டாஃப் எல்லாம் முதலிலிருந்து போட்டார். பிரிண்டர் பேசவில்லை. அவள் சேரில் இப்போது உட்காரும் அவருடைய அண்ணன் மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. லாரி நாலு நிற்கிறது.

"ரீசெட் பண்ணுனா அந்த டிக்கு தானா திரும்பி வந்துரும், சார். கெஸ்ட்டுக்குள்ள போங்க. ஐசொலேஷன்னு இருக்கும். எடுத்துட்டு சேவ் குடுங்க. கம்ப்யூட்டர்ல பிரிண்டர் இன்னும் வரலன்னா, பழசத் தூக்கிட்டு புதுசா சேத்துக்கோங்க. முகவரி மாறியிருக்கும்."

"இரு, லைன்லயே இரு."

அவள் இருந்தாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். முருகம்மாள் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். போனுக்குள் பிரிண்டர் தொண்டையைக் கனைப்பது கேட்டது. பேப்பர் ஓடியது, ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ சிரித்தார்கள். சார்னா சாருதான் என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"சரி, வச்சிரு," என்றார் ஜெயச்சந்திரன்.

"என்னத்தா சொன்னாக?" என்றாள் முருகம்மாள்.

"பிரிண்டர் ஓடுதாம்," என்று சொல்லிவிட்டு இசைவாணி வேனில் ஏறினாள்.